தண்ணீர் எதுவரை ஏறியது, அடி எதுவரை போனது: பழைய கார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இருக்கிற நமக்குப் பழைய கார் சந்தை இரண்டு பக்கமும் உண்டு. கிழக்கே பொள்ளாச்சியும் கோவையும், மேற்கே பாலக்காடு தொடங்கி எர்ணாகுளம் வரைக்கும். தமிழ்நாட்டு வண்டியை வாங்கினால் என்.ஓ.சி., கேரளத்து வரி, மறுபதிவு என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கும் என்பதால், பெரும்பாலோர் கே.எல். நம்பர் வண்டியையே தேடுகிறோம். அப்படித் தேடும்போது ஆலுவா, வடக்கன் பரவூர், சாலக்குடி, செங்கன்னூர் பக்கத்து வண்டிகளும் கண்ணில் படும். 2018 ஆகஸ்டில் பெரியாறும் சாலக்குடிப் புழையும் பம்பையும் கரை உடைத்துப் புகுந்த ஊர்கள் இவை. பல வீடுகளில் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. போர்ட்டிகோவில் நின்ற காரும் அத்தனை நாள் தண்ணீரில்தான் நின்றது.

புரோக்கரிடம் “இது தண்ணி ஏறின வண்டியா?” என்று கேட்டால் “இல்லவே இல்ல” என்பார். “ஆக்சிடென்ட் ஆச்சா?” என்றாலும் அதே பதில்தான். உண்மையில் அந்தக் கேள்விகளே போதாதவை. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது, அடி எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் தெரிய வேண்டும். மேட்டிங் மட்டும் நனைந்த வண்டியும் டேஷ்போர்டு மூழ்கிய வண்டியும் ஒன்றல்ல. பம்பர் மாற்றிய வண்டியும் பில்லர் வளைந்து நிமிர்த்திய வண்டியும் ஒன்றல்ல. இந்த இரண்டு அளவையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் கீழே சொல்கிறேன்.

முதலில் காகிதம், அப்புறம் வண்டி

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்திலோ mParivahan செயலியிலோ போட்டால் பதிவான தேதி, பதிவு அலுவலகம், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பது வரும். கே.எல். 41 ஆலுவா, 42 வடக்கன் பரவூர், 64 சாலக்குடி, 30 செங்கன்னூர், 27 திருவல்லா, 66 குட்டநாடு. நம் சித்தூர் 70. இந்த நம்பர்களைக் கண்டதும் ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பாலக்காட்டில் பதிவான வண்டி ஆலுவாவில் ஓடியிருக்கலாம், ஆலுவா வண்டி துபாய்க்காரர் வீட்டு மாடிப் பார்க்கிங்கில் நனையாமலும் நின்றிருக்கலாம். நம்பர் ஒரு சந்தேகத்தை மட்டும் தரும். வெள்ளத்தில் மூழ்கியது என்றோ, இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் கொடுத்தது என்றோ எழுத ஆர்.சி.யில் தனிக் கட்டம் கிடையாது. ரிப்பேர் செலவு வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் கம்பெனி முழுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கழித்துவிடும். அப்படிக் கழித்ததை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து, மறுபடி விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆர்.சி. சுத்தமாக இருக்கிறது என்பது வண்டி சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஆர்.சி.யைவிட அதிகம் பேசுவது பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள். கடைசி ஒன்று மட்டும் போதாது, கிடைக்கிற எல்லா வருடத்தையும் கேளுங்கள். அதில் என்.சி.பி. என்று ஒரு தள்ளுபடி சதவீதம் இருக்கும். கிளெய்ம் எதுவும் செய்யாமல் ஒரு வருடம் போனால் 20, இரண்டு வருடம் போனால் 25, பிறகு 35, 45, 50. ஐம்பதுக்கு மேல் ஏறாது. நடுவில் ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த ரெனியூவலில் பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறும். இதைப் பின்னோக்கி எண்ணினால் கிளெய்ம் விழுந்த வருடம் தெரிந்துவிடும்.

எண்ணும்போது சில விஷயங்களை மனதில் வையுங்கள். என்.சி.பி. உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. கை மாறியிருந்தால் புதிய ஆள் பேரில் எண்ணிக்கை வேறாகத் தொடங்கும். பாலிசி முடிந்து தொண்ணூறு நாளுக்கு மேல் ரெனியூவல் செய்யாமல் விட்டாலும் பூஜ்யமாகும். கிளெய்ம் செய்தும் என்.சி.பி. குறையாமல் காக்கிற கூடுதல் கவர் சிலர் எடுத்திருப்பார்கள், அது பாலிசியில் எழுதியிருக்கும். பூஜ்யமானதற்குக் காரணம் ஒரு சின்ன பம்பர் கிளெய்மாகவும் இருக்கலாம். எதற்காக, எவ்வளவு தொகை என்பதைச் சர்வீஸ் சென்டர் பில்லில் பார்க்க வேண்டும். விற்பவரையே கூட்டிப்போய், வண்டி சர்வீஸ் ஆன ஷோரூமில் ஹிஸ்டரியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது பார்ப்பது

காலையில், வெயில் நன்றாக வந்த பிறகு, வண்டி காய்ந்து இருக்கும்போது, எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போது போங்கள். ராத்திரி டியூப்லைட்டில் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. அப்போதுதான் கழுவி, உள்ளே வாசனைத் திரவம் அடித்து வைத்திருந்தால் ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்காருங்கள். கையில் ஒரு டார்ச், சின்னக் கண்ணாடி, வெள்ளைத் துணி போதும். ஒரு பத்து எம்.எம். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் நல்லது, ஆனால் விற்பவரைக் கேட்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

தண்ணீர்க் கோட்டைத் தேடுவது

வெள்ளத்தில் நின்ற காரைச் சுத்தம் செய்கிறவர் சீட்டைக் கழற்றுவார், மேட்டிங்கை மாற்றுவார், கண்ணாடியைப் பளபளக்க வைப்பார். ஆனால் டேஷ்போர்டை முழுசாக இறக்கி, ஒயரிங் குழாய்களை வெட்டிப் பிரித்து, ஒயர்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரையும் துடைக்க மாட்டார். அதற்கு ஆகும் கூலி வண்டியில் வரும் லாபத்தைத் தின்றுவிடும். கூலி கட்டுபடியாகாத அந்த இடங்களில்தான் சேறு மிச்சம் இருக்கும். நாம் கீழேயிருந்து மேலே போக வேண்டும். எந்த உயரத்தில் அடையாளம் நிற்கிறதோ அதுதான் தண்ணீர்க் கோடு.

கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஊறின சாக்கு வாசம் வந்தால் சந்தேகம். பெர்ஃப்யூம் மூக்கைத் துளைத்தாலும் சந்தேகம்தான். பிறகு ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரைப் போட்டு, உள் காற்றே சுற்றும்படி வைத்துப் பாருங்கள். சூட்டில் அமுங்கிய வாசம் எழும்பும்.

அடுத்து டிரைவர் கதவின் கீழ்ப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை விற்பவரையே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இழுத்தால் கிளிப்பிலிருந்து வந்துவிடும். அதற்குக் கீழேதான் மேட்டிங்கின் ஓரமும், பின்பக்கம் போகிற ஒயரிங் கட்டும் இருக்கிறது. மேட்டிங்கைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரம், மணல், காய்ந்த வண்டல் எது இருந்தாலும் துணியில் வரும். ஒயரிங்கை மூடியிருக்கும் நெளிவுக் குழாயின் நெளிவுகளுக்குள் டார்ச் அடியுங்கள். சுத்தம் செய்கிறவர் விட்டுப்போகிற இடம் இது. ஒவ்வொரு நெளிவிலும் மெல்லிய பழுப்பு மண் கோடு கோடாக நிற்கும்.

சீட்டின் அடியை முன்னாலும் பின்னாலும் இருந்து பாருங்கள். சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தைத் தரையோடு பிடிக்கிற நான்கு போல்ட்டிலும் துரு எப்படி இருக்கிறது, தலையில் ஸ்பேனர் பட்ட வடு இருக்கிறதா என்று கவனியுங்கள். சாதாரணமாக ஓடின காரில் சீட்டைக் கழற்ற வேண்டிய தேவை வருவது குறைவு. நான்கு போல்ட்டும் திருகப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சீட்டின் அடி ஸ்பிரிங்கில் துரு சீராகப் பரவியிருந்தால் தண்ணீர் மெத்தை வரை வந்திருக்கிறது.

பிறகு சீட் பெல்ட். நாம் கட்டிக்கொள்ளும் பகுதி எப்போதும் வெளிச்சத்தில் இருப்பதால் அதைத் துவைத்துவிடுவார்கள். ஆனால் பெல்ட்டின் உருளை நடு பில்லரின் அடியில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்திலேயே இருக்கிறது. உருளைக்குள் சுருண்டிருக்கும் கடைசிப் பகுதிதான் வெள்ளத்தில் நேராக ஊறுகிறது. ஒவ்வொரு பெல்ட்டையும் இனி வராது என்கிற வரைக்கும் இழுங்கள். கடைசி அரை அடியில் பழுப்புக் கறை இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பெல்ட்டின் அடியில் ஒரு துணி லேபிள் தைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அதில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். வண்டி தயாரான மாதத்தைவிட பெல்ட் மாதம் பிந்தியிருந்தால், அந்தப் பெல்ட் மாற்றப்பட்டது. விபத்தில் பெல்ட் இறுகிப் பூட்டிக்கொண்டதற்காகவும் மாற்றியிருக்கலாம், தண்ணீருக்காகவும் மாற்றியிருக்கலாம். இரண்டுமே நமக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இன்னும் மேலே போனால் டேஷ்போர்டின் அடி. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து மேலே பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பார்த்தே ஆக வேண்டும். பெயிண்ட் அடிக்காத இரும்பு பிராக்கெட்டுகள், ஸ்க்ரூ தலைகள், ஃபியூஸ் பாக்ஸ், கப்ளர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு ஃபியூஸைப் பிடுங்கி அதன் காலைப் பாருங்கள். அதில் பொடி பூத்திருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் வந்து போயிருக்கிறது. கொச்சிக் காயல் ஓரம் போன்ற இடங்களில் ஏறுவது உப்புக் கலந்த தண்ணீராக இருக்கலாம். அது ஆற்று வெள்ளத்தைவிட வேகமாகக் கப்ளரைத் தின்னும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஈரம் எல்லாம் வெள்ளம் ஆகாது. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் முன் இடது பக்க மேட்டிங் மட்டும் சொதசொதவென்று நனையும். டெயில் லைட் ரப்பர் வெடித்தால் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் தேங்கும். மழைக்காலத்தில் டிரைவர் பக்கம் செருப்பு ஈரத்தில் நனைவது சகஜம். இதெல்லாம் ஒரே இடத்தில், சுத்தமான தண்ணீராக இருக்கும். வெள்ளம் அப்படி வராது. நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில், வண்டலோடு வரும். ஆகவே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாமல், வலது முன், இடது பின், டிக்கி என்று எதிரெதிர் மூலைகளில் அதே உயரத்தில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கோடு கிடைத்த பிறகு முடிவு எடுப்பது பெரிய சிரமம் இல்லை. மேட்டிங்கோடு நின்றிருந்தால், வருடக்கணக்காக ஓடியும் குறை வராமல் இருந்தால், விலையைக் குறைத்து வாங்குவதில் தப்பில்லை என்பது என் எண்ணம். சீட் மெத்தை வரை போயிருந்தால் ஏர்பேக்கை இயக்கும் யூனிட்டைத் தண்ணீர் தொட்டிருக்கிறது. அது பெரும்பாலும் கியர் லிவர் பக்கத்தில் நடு மேட்டின் மேல், தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. டேஷ்போர்டு வரை போன வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் பவர் ஸ்டீயரிங் போகும், ஜன்னல் இறங்காது. எந்த எலக்ட்ரீஷியனாலும் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

ஏர்பேக் விளக்கு ஒன்றை மட்டும் தனியாக

சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் தானாக அணைய வேண்டும். அணையாமல் நின்றால் யூனிட்டில் குறை. எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தில்லுமுல்லும் உண்டு: ஏர்பேக் விளக்கை எண்ணெய் விளக்கோடு சேர்த்து ஒயர் போட்டுவிடுவார்கள். எண்ணெய் விளக்கு எஞ்சின் ஓடினால்தான் அணையும். ஏர்பேக் விளக்கும் ஸ்டார்ட் ஆகும்வரை காத்திருந்து, எண்ணெய் விளக்கோடு ஒரே நொடியில் அணைந்தால் அந்த வேலைதான் நடந்திருக்கிறது. இதனால்தான் ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கச் சொல்கிறேன். விற்பவர் உங்கள் கையில் சாவியைக் கொடுக்காமல் தானே டக்கென்று ஸ்டார்ட் செய்து காட்டினால், அணைத்துவிட்டு மறுபடி நீங்களே திருப்புங்கள்.

ஒரு ஆலுவா வண்டி

வண்ணாமடைக்காரர் ஒருவர், என் மாமன் மகன், சித்தூர் பக்கம் ஒரு யார்டில் வெள்ளை நிறப் பெட்ரோல் ஹேட்ச்பேக் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கே.எல். 41, 2018 ஜனவரி பதிவு, ஒரே உரிமையாளர், மீட்டரில் 52,000 கிலோமீட்டர். அதே மாடலுக்கு மற்ற இடங்களில் சொல்வதைவிட அறுபதாயிரம் குறைவு. “மாப்ளே, பெயிண்ட் எல்லாம் ஒரிஜினல், ஒரு கோடு கூட இல்ல” என்று அவர் ஏற்கெனவே மனசுக்குள் வாங்கியே விட்டார்.

கிடைத்த பாலிசிகளில் பழையது 2022 ஜனவரியில் ரெனியூவல் ஆனது. அதில் என்.சி.பி. 35 சதவீதம். முப்பத்தைந்து என்றால் தொடர்ந்து மூன்று வருடம் கிளெய்ம் இல்லை: 2019, 2020, 2021. கிளெய்மே இல்லாத வண்டியாக இருந்தால் 2018-ஐயும் சேர்த்து நான்கு வருடம், 45 இருந்திருக்க வேண்டும். ஆக, முதல் வருடப் பாலிசியில், அதாவது 2018-க்குள் ஒரு கிளெய்ம். ஆலுவா, 2018. யார்டுக்காரரிடம் கேட்டதற்கு, “அது பம்பர்ல சின்ன ஸ்கிராட்ச்ண்ணா, வேற ஒண்ணும் இல்ல” என்றார். இருக்கலாம். அப்போதைக்கு அது வெறும் ஒரு எண்தான்.

பெல்ட்டை இழுத்தோம். முன்னால் இரண்டும் சுத்தமாக இருந்தன, கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். லேபிளில் இரண்டுக்கும் 2018 செப்டம்பர். வண்டி தயாரானது 2017 டிசம்பர் என்று ஆர்.சி.யில் இருந்தது. பின்சீட் இடது பெல்ட் மட்டும் பழையது. அதை முழுசாக இழுத்தபோது, கடைசியில் கை அகலத்துக்குத் தேயிலைக் கறை மாதிரி ஒரு நிறம், அதற்கு மேல் நேரான ஒரு விளிம்பு. பின்சீட் பெல்ட்டின் உருளை முன்னால் உள்ளதைவிட உயரத்தில் இருந்ததால், தண்ணீர் சீட் மெத்தையைத் தாண்டியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்தது. சீட் போல்ட் எட்டிலும் ஸ்பேனர் வடு. கதவுப் படியின் பிளாஸ்டிக்கை எடுத்தோம். மேட்டிங் புதுசு, அடியில் இருந்த நெளிவுக் குழாய் பழசு, நெளிவு நெளிவாக வண்டல். எதிர்ப்பக்கம் டிக்கியில் ஜாக் வைக்கும் குழியின் ஓரத்திலும் அதே நிற மண்.

டேஷ்போர்டின் அடியில் ஃபியூஸ் கால்கள் சுத்தமாகத்தான் இருந்தன. எனவே கோடு மெத்தைக்கு மேலே, ஃபியூஸ் பாக்ஸுக்குக் கீழே. இவ்வளவுதான் என்றால், ஆறு வருடம் ஓடியிருக்கிறதே, இன்னும் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கலாமா என்று யோசித்திருப்போம். சாவியைத் திருப்பிப் பார்த்தால் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. புது யூனிட்டும் அதை வண்டியோடு சேர்க்கிற வேலையும் என்ன ஆகும் என்று ஷோரூமில் விசாரித்தபோது, யார்டுக்காரர் குறைக்கத் தயாராக இருந்த தொகையைவிட அதிகமாக வந்தது. அவர் பேரம் பேசத் தயாராகத்தான் இருந்தார். மாமன் மகன் வேண்டாம் என்று வந்துவிட்டார்.

அடி எதுவரை போனது

காரில் சில பாகங்கள் போல்ட்டில் மாட்டியவை: பம்பர், பானெட், பென்டர், கதவு, டிக்கி மூடி. சில பாகங்கள் வெல்டு செய்தவை: முன்னால் ரேடியேட்டருக்கு இருபுறமும் நீளும் சேசிஸ் கால்கள், பானெட்டுக்குள் சக்கரத்தின் மேல் இருக்கும் ஏப்ரன், கதவுகளைத் தாங்கும் பில்லர்கள், கூரை, தரை. போல்ட் பாகம் மாற்றிய வண்டிக்கு நான் பயப்படுவதில்லை. நம் ஊர் ரோட்டில் பத்து வருடம் ஓடின வண்டிக்கு ஒரு பென்டர் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெல்டு பாகம் வெட்டி ஒட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி. அடுத்த விபத்தில் அடியை வாங்கி நசுங்கி உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்தப் பாகம்தான்.

பானெட்டைத் திறந்து பென்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் பாகத்தை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்கிறார்கள், எனவே போல்ட் தலையும் வண்டி நிறத்திலேயே, விளிம்பு உடையாமல் இருக்கும். திருகியிருந்தால் மூலைகளில் பெயிண்ட் உரிந்திருக்கும். பானெட் கீல் போல்ட்டுகளையும் கதவுக் கீல் போல்ட்டுகளையும் இப்படியே பாருங்கள். எந்தப் பக்கப் போல்ட் திருகப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் உள்ளே போங்கள். ஏப்ரனின் தகடு மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா, வெல்டு புள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். கம்பெனி வெல்டு சின்ன வட்டக் குழிகளாக, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் வரிசையாகப் போகும். ஒர்க்‌ஷாப்பில் வைத்த வெல்டு உருண்டையாகத் திரண்டிருக்கும், அல்லது கிரைண்டர் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும், அல்லது எதுவும் தெரியாதபடி மேலே தாராளமாகச் சீலன்ட் பூசியிருப்பார்கள். கம்பெனிச் சீலன்ட் ஒரே அகலத்தில் போகும், நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கையால் பூசியது அகலம் மாறி மாறிப் போகும்.

கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்தால் பில்லரின் வெல்டு விளிம்பு தெரியும். நான்கு கதவிலும் பாருங்கள், ரப்பரில் பெயிண்ட் தூறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுக் குழியின் தரையைத் தடவுங்கள். பின்பக்கம் பலமாக இடி வாங்கிய வண்டியில் அந்தத் தகடு சுருங்கி, பிறகு அடித்து நிமிர்த்தியிருப்பார்கள். தட்டின தடம் கைக்குத் தெரியும்.

பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் இப்போது நிறைய மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. கம்பெனிப் பெயிண்ட் சாதாரணமாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200-க்கு மேல் போனால் மறுபெயிண்ட், 500-ஐத் தாண்டினால் உள்ளே பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த மீட்டர் வேலை செய்யாது. கதவில் 300 காட்டினால் உரசல் என்று விட்டுவிடலாம். பில்லரிலோ கூரையிலோ 300 காட்டினால் விடக்கூடாது, அங்கே உரசல் படுவதற்கு வழியில்லை. மீட்டர் இல்லாவிட்டால் மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிமானம் தளரும்.

கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையில் தயாரித்த வருடத்தைக் குறிக்கும் எண் இருக்கும். நான்கு கதவுக் கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கப் பில்லரை இன்னொரு தரம் பாருங்கள். முன் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாளையாறு ரோட்டில் டிப்பர் லாரி பின்னால் போனால் கல் பட்டுக் கீறும்.

ஓட்டிப் பார்ப்பதும் கடைசிச் சோதனையும்

நேரான, காலியான ரோட்டில் அறுபதில் போகும்போது ஸ்டீயரிங் பிடியைத் தளர்த்துங்கள், கை பக்கத்திலேயே இருக்கட்டும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் செய்த பிறகும் அப்படியே இருந்தால், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சேசிஸ் கால் சரியாக நிமிரவில்லை. மெக்கானிக்கிடம் வண்டியின் எலக்ட்ரானிக் யூனிட்டுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். U என்று தொடங்கும் பிழைக் குறியீடுகள் நிறைய வந்தால் யூனிட்டுகளுக்குள் தகவல் போக்குவரத்தில் தடங்கல் என்று அர்த்தம், தண்ணீர் பட்ட வண்டியில் அடிக்கடி காண்பது. ஒரு குறியீடும் இல்லாமல், ஸ்கேனரின் சுயபரிசோதனை வரிசை பாதிக்கு மேல் முடியாதது என்று காட்டினால், யாரோ அன்றைக்கோ முந்தினநாளோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக், ஏ.பி.எஸ். பார்க்க நல்ல ஸ்கேனர் வேண்டும்.

இவ்வளவும் பார்த்துத் திருப்தியானால், முன்பணம் கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் வாங்கியதில்லை, பின்னால் அப்படித் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன். விற்பவர் கையெழுத்து, தேதி, வண்டி நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் இருக்கட்டும். யார்டில் வாங்கினால் யார்டின் சீலோடு. பேர் மாற்ற ஃபார்ம் 29, 30 வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோய் ஓட்டுவதாக இருந்தால் இங்கிருந்து ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி.யும், அங்கே வரியும் சேரும். அந்த வரித்தொகையை விலை பேசும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.